சிறுநீரகம் தளர்ந்தவர் வீட்டு மேசை: பொட்டாசியம், மெக்னீசியம், மூலிகைப் பொருள்களைச் சரிபார்க்கும் வழி

சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்தில் வசிக்கும் 66 வயது அம்மா ஒருவர் ஒரு துணிப்பை நிறைய பொருள்களோடு என்னைப் பார்க்க வந்தார். நான் மருந்தாளராக வேலை செய்கிறேன். அவருக்குப் பல ஆண்டுகளாக நீரிழிவும் ரத்தக்கொதிப்பும் உண்டு. சிறுநீரகம் நான்காம் கட்டத்தில் இருக்கிறது. மார்ச் மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 4.8 ஆக இருந்தது. ஜூன் மாதம் அது 6.2 ஆகிவிட்டது. மருத்துவமனையில் இரண்டு நாள் படுத்து, இதயத்துடிப்பைக் கண்காணித்து, அளவை இறக்கி அனுப்பினார்கள். “நான் மாத்திரையை ஒருநாளும் தவறவிட்டதில்லை, வாழைப்பழத்தைக்கூடத் தொடுவதில்லை, பிறகு எப்படி ஏறியது?” என்பதுதான் அவருடைய கேள்வி.

பதில் அந்தப் பைக்குள் இருந்தது. மருத்துவர் எழுதிக் கொடுத்தவை போக அதில் ஐந்து பொருள்கள் இருந்தன: சோடியம் குறைந்த உப்பு, பெட்டியில் அடைத்த இளநீர், ஊரிலிருந்து வந்த ‘சிறுநீரகச் சூரணம்’, கெண்டைக்கால் பிடிப்புக்கு மெக்னீசியம் மாத்திரை, உறவினர் ஒருவர் கொடுத்த மூட்டுவலிக் கேப்ஸ்யூல். ஒவ்வொன்றையும் நல்லது என்று நம்பித்தான் வாங்கியிருந்தார். பாதி சிறுநீரகத்துக்காகவே வாங்கியவை. அந்தப் பையை நாங்கள் எப்படிப் பிரித்துப் பார்த்தோமோ, அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டு மேசையிலும் அப்படியே செய்யலாம்.

முதலில் இரண்டு எண்கள்

எந்தப் புட்டியையும் திறக்கும் முன் கடைசிப் பரிசோதனை முடிவை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பலதுறை மருந்தகத்திலோ அரசு மருத்துவமனையிலோ எடுத்த பரிசோதனை என்றால் ஹெல்த்ஹப் செயலியில் பார்க்க முடியும். அதில் eGFR என்று ஒரு வரி இருக்கும். சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தத்தை வடிகட்டுகிறது என்பதன் மதிப்பீடு அது. 60-க்கு மேல் என்றால் பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் வெளியேற்றும் திறன் பொதுவாக நன்றாகவே இருக்கும். 30 முதல் 59 வரை மூன்றாம் கட்டம், 15 முதல் 29 வரை நான்காம் கட்டம், அதற்கும் கீழே ஐந்தாம் கட்டம். அந்த அம்மாவுக்கு 27.

அடுத்து பொட்டாசியம். வழக்கமான வரம்பு ரத்தத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 3.5 முதல் 5.0 மில்லிமோல் வரை. 5.5-ஐத் தாண்டினால் காரணத்தைத் தேட வேண்டும். 6.0-ஐத் தாண்டினால் அன்றே மருத்துவர் பார்க்க வேண்டிய நிலை. 6.5 என்பது அவசரச் சிகிச்சை.

இந்த இரண்டு எண்களோடு மூன்றாவதாக ஒன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: ரத்தக்கொதிப்புக்கு என்ன மாத்திரை? லோசார்ட்டன், வால்சார்ட்டன், டெல்மிசார்ட்டன் போல ‘சார்ட்டன்’ என்று முடியும் மாத்திரைகளும், எனலாப்ரில், பெரிண்டோப்ரில், லிசினோப்ரில் போல ‘ப்ரில்’ என்று முடிபவையும் சிறுநீரகத்தைக் காப்பவை. சிறுநீரில் புரதம் கசிவதைக் குறைத்து, நோய் முற்றுவதைத் தள்ளிப்போடுகின்றன. ஆனால் பொட்டாசியம் வெளியேறுவதையும் அவை சற்றே குறைக்கின்றன. ஸ்பைரோனோலாக்டோன் இன்னும் கூடுதலாகக் குறைக்கும். இவற்றை எடுப்பவருக்கு, மாத்திரை எடுக்காத அண்டை வீட்டுக்காரரைக் காட்டிலும், பொட்டாசியம் ஆபத்தான அளவை எட்டுவதற்கான இடைவெளி குறைவு. அண்டை வீட்டுக்காரர் நோனிப் பழச்சாறு குடித்து நலமாக இருப்பதைப் பார்த்து நாமும் குடிப்பதில் உள்ள சிக்கல் இதுதான்.

இதைப் படித்துவிட்டு லோசார்ட்டனை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பையில் முதலில் வெளியேற வேண்டியவை மருத்துவர் எழுதாதவை. அந்த அம்மா சாப்பிட்டுவந்த லோசார்ட்டனையும் நிறுத்த வேண்டிய தேவை வரவில்லை. மருத்துவர் எழுதாதவற்றை நீக்கிய பிறகு பொட்டாசியம் இறங்கிவிட்டது.

மேசையில் பரப்புங்கள், சமையலறையையும் சேர்த்து

‘என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்’ என்று கேட்டால் யாரும் உப்பைச் சொல்வதில்லை. இளநீரையும் சொல்வதில்லை. வயிற்றுக்காக எப்போதோ வாங்கிய வெள்ளை மருந்து நினைவுக்கே வராது. ஆகவே நினைவை நம்பாமல், பொருள்களையே எடுத்து வையுங்கள். மாத்திரைப் பெட்டி, குளிர்பதனப் பெட்டிக் கதவில் நிற்கும் புட்டிகள், உப்பு டப்பா, சத்து மாவு, ஊரிலிருந்து பயணப்பையில் வந்த பொடிகள், சீன மருந்துக்கடையில் வாங்கிய பொட்டலம், மலாய்த் தோழி கொடுத்த ஜாமு, எல்லாம் மேசைக்கு வரட்டும். பிறகு ஒவ்வொன்றையும் மூன்று கேள்விகளால் சோதியுங்கள். இதில் பொட்டாசியம் இருக்கிறதா? மெக்னீசியம் இருக்கிறதா? உள்ளே என்ன இருக்கிறது என்று உண்மையிலேயே தெரியுமா?

பொட்டாசியம் ஒளிந்திருக்கும் இடங்கள்

பொட்டாசியம் என்றதும் எல்லாருக்கும் வாழைப்பழம்தான் நினைவுக்கு வருகிறது. எனக்கு அதைவிடக் கவலை தருவது உப்பு. சோடியத்தைக் குறைக்கச் சொல்லி சுகாதார மேம்பாட்டு வாரியம் எடுத்துவரும் முயற்சியால், பேரங்காடிகளில் சோடியம் குறைந்த உப்பு இப்போது எளிதாகக் கிடைக்கிறது. ரத்தக்கொதிப்பு மட்டும் உள்ள பெரும்பாலோருக்கு அது நல்ல மாற்றமே. ஆனால் சோடியத்தை எடுத்த இடத்தில் வேறொன்றைப் போட்டால்தான் உப்புச் சுவை வரும். அந்த வேறொன்று பொட்டாசியம் குளோரைடு. உறையின் பின்புறத்தில் பொட்டாசியம் குளோரைடு என்றோ KCl என்றோ E508 என்றோ இருந்தால் அதுதான். வெளியுணவுக் கடைகளுக்கும் இத்தகைய உப்பும் சாஸும் போகின்றன என்பதால், அடிக்கடி வெளியில் சாப்பிடுபவர் இதைத் தம் உணவியல் நிபுணரிடம் சொல்ல வேண்டும்.

அந்த அம்மாவின் உப்பில் 30 விழுக்காடு பொட்டாசியம் குளோரைடு இருந்தது. சாம்பார், பொரியல், ரசம் என்று அவர் தட்டுக்கு நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 5 கிராம் உப்பு வந்து சேர்ந்தது. அதில் 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு. அதில் பாதிக்குச் சற்று மேல் பொட்டாசியம், ஆகவே சுமார் 780 மில்லிகிராம். இதோடு நாளுக்கு ஒரு பெட்டி இளநீர். பெட்டியில் அச்சிட்டிருந்த அளவு 600 மில்லிகிராம். இரண்டும் சேர்ந்து 1,380. பொட்டாசியம் ஏறும் சிறுநீரக நோயாளிக்கு முழுநாள் உணவுக்குமாகச் சொல்லப்படும் வரம்பு பெரும்பாலும் 2,000 முதல் 3,000 மில்லிகிராம் வரை. சோறு, காய், பால், பருப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த அளவில் பாதியளவை உப்பும் இளநீரும் மட்டுமே நிரப்பிவிட்டன. அவரோ வாழைப்பழத்தை ஒதுக்கிவிட்ட நிம்மதியில் இருந்தார்.

இன்னொன்றும் உண்டு. காயிலும் கீரையிலும் உள்ள பொட்டாசியம் நாரோடும் செல்லோடும் பிணைந்திருப்பதால் முழுவதும் உடலில் சேர்வதில்லை. உப்பாகவும் சாறாகவும் மாத்திரையாகவும் உள்ளே போவது ஏறத்தாழ முழுவதும், அதுவும் விரைவாகச் சேர்ந்துவிடுகிறது. ஆகவே ஒரே அளவு பொட்டாசியம் என்றாலும், வேகவைத்து நீரை வடித்த காய் வேறு, ஒரே மூச்சில் குடிக்கும் சாறு வேறு. வாழைத்தண்டுச் சாறு, நோனிச் சாறு இரண்டையும் இந்தக் காரணத்துக்காகவே நான் நான்காம் கட்டத்தில் இருப்பவர்களுக்கு வேண்டாம் என்கிறேன். நோனிச் சாறு குடித்த சிறுநீரக நோயாளிக்குப் பொட்டாசியம் ஏறியது 2000-ஆம் ஆண்டிலேயே மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அந்தச் சாற்றைச் சோதித்தபோது ஒரு லிட்டரில் 56 மில்லிமோல், அதாவது 2 கிராமுக்கு மேல் பொட்டாசியம் இருந்தது.

மருந்து வடிவில் வருபவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன். சிறுநீர்க் கடுப்புக்குத் தரப்படும் பொட்டாசியம் சிட்ரேட் மிக்ஸ்ச்சரின் வழக்கமான கலவையில் 10 மில்லிலிட்டருக்கு 28 மில்லிமோல் பொட்டாசியம் இருக்கிறது. அது ஒரே வேளையில் 1 கிராமுக்கும் மேல். நீர்க்கடுப்பு என்று வழக்கமாகப் போகாத மருந்தகத்துக்குப் போனால், சிறுநீரக நோய் இருப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அதே கடுப்புக்குத் தரப்படும் கோ-ட்ரைமோக்சசோல் மாத்திரையில் பொட்டாசியமே இல்லை. இருந்தும் அதிலுள்ள ட்ரைமெத்தோப்ரிம் பொட்டாசியம் வெளியேறுவதைத் தடுக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சிலருக்கு நீர்மாத்திரையால் பொட்டாசியம் குறைந்து, மருத்துவரே பொட்டாசியம் மாத்திரை எழுதியிருப்பார். அது ரத்த அளவைப் பார்த்து எழுதியது. அதை நிறுத்தாதீர்கள். ஆனால் நீர்மாத்திரை நின்ற பிறகும் பொட்டாசியம் மாத்திரை பையில் தொடர்கிறதா என்று பாருங்கள். அப்படித் தொடர்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

எப்படித் தெரியும்?

பெரும்பாலும் தெரியாது. அந்த அம்மாவுக்கு 6.2 இருந்தபோது ‘கொஞ்சம் அசதி’ என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. கால்கள் துவண்டு படியேற முடியாமல் போவது, நெஞ்சு படபடப்பது, துடிப்பு விட்டுவிட்டு வருவது, மயக்கம் வருவது எல்லாம் வந்தால், அவை தாமதமாக வரும் அறிகுறிகள். சிறுநீரக நோய் உள்ளவருக்கு இவற்றில் எது வந்தாலும் 995-ஐ அழையுங்கள். மறுநாள் காலை பலதுறை மருந்தகம் திறக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அறிகுறிக்காகக் காத்திராமல் ரத்தப் பரிசோதனையை நம்புவதே சரி.

சில சமயம் ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்து, பொட்டாசியம் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். மருத்துவர் மறுபடி எடுக்கச் சொல்வது இதற்காகத்தான். ‘போன தடவையும் தப்பாகத்தான் காட்டியது’ என்று நீங்களே முடிவு செய்துகொண்டு அந்த மறுபரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

மெக்னீசியம்: யாரும் அளக்காத உப்பு

மெக்னீசியத்துக்கு இப்போது நல்ல பெயர். தூக்கத்துக்கு, மூட்டுக்கு, மனப் பதற்றத்துக்கு, கால் பிடிப்புக்கு என்று விற்கிறார்கள். சிறுநீரகம் நன்றாக இருந்தால் மிஞ்சியது சிறுநீரில் போய்விடும். வடிகட்டும் எண்ணான eGFR 30-க்குக் கீழே போனவருக்கு அந்த வழி குறுகிவிடுகிறது. வாய்வழியாக எடுக்கும் மெக்னீசியம் உண்மையான ஆபத்தாவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

பொட்டாசியத்தோடு ஒப்பிட்டால் இதில் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. வழக்கமான சிறுநீரகப் பரிசோதனையில் சோடியம், பொட்டாசியம், யூரியா, கிரியேட்டினின் இருக்கும். மெக்னீசியம் பெரும்பாலும் இருக்காது. தனியாகக் கேட்டால்தான் பார்ப்பார்கள். மருத்துவருக்குத் தெரியாமல் மாத்திரை எடுப்பவரின் மெக்னீசியம் யார் கண்ணிலும் படாமல் ஏறிக்கொண்டே போகலாம்.

உறையைப் படிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. மெக்னீசியம் ஆக்சைடு 500 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால், அதில் உண்மையான மெக்னீசியம் சுமார் 300 மில்லிகிராம். மெக்னீசியம் சிட்ரேட், கிளைசினேட் ஆகியவற்றில் அந்தப் பங்கு மிகவும் குறைவு, ஆறில் ஒன்று, ஏழில் ஒன்று என்ற அளவில் இருக்கும். சில நிறுவனங்கள் கூட்டுப்பொருளின் எடையையும், சில உண்மையான மெக்னீசியத்தின் எடையையும் முன்பக்கத்தில் அச்சிடுகின்றன. பின்பக்கச் சிறு எழுத்தைப் பார்த்தால்தான் தெளிவாகும். அமெரிக்க நிபுணர் குழு, சிறுநீரகம் நன்றாக உள்ள பெரியவர்களுக்கே, உணவு நீங்கலாக மாத்திரைகளிலிருந்து வரும் மெக்னீசியம் நாளுக்கு 350 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. அந்த அம்மா 250 மில்லிகிராம் மாத்திரையை இரவில் இரண்டாக எடுத்துக்கொண்டிருந்தார். அதுவே 500.

மேலும் விசாரித்தபோது, வயிறு எரிந்தால் குடிக்கும் வெள்ளை மருந்தும் வீட்டில் இருப்பது தெரிந்தது. பை நிறைந்துவிட்டதால் கொண்டுவரவில்லையாம். நெஞ்செரிச்சலுக்குத் தரும் மெக்னீசியம் டிரைசிலிகேட் கலவை, மெக்னீசியமும் அலுமினியமும் கலந்த சப்பு மாத்திரைகள், மலச்சிக்கலுக்கான ‘மில்க் ஆஃப் மெக்னீசியா’, பேதி உப்பு, குடல் உள்நோக்குப் பரிசோதனைக்கு முன் வயிற்றைச் சுத்தம் செய்யத் தரும் சில பொடிகள் எல்லாம் ஒரே குடும்பம்தான். யாரும் இவற்றை மெக்னீசியம் என்று நினைத்துச் சாப்பிடுவதில்லை.

மலச்சிக்கல் இங்கே கதையைச் சிக்கலாக்குகிறது. சிறுநீரகம் தளரும்போது பொட்டாசியத்தின் ஒரு பகுதியைப் பெருங்குடல் வெளியேற்றத் தொடங்குகிறது. மலம் கட்டினால் அந்த வழியும் அடைபடும். ஆகவே மலச்சிக்கலைச் சரிசெய்வது கட்டாயம். ஆனால் அதற்கு மெக்னீசியம் கலந்த பேதி மருந்தை எடுத்தால், கட்டிய குடலில் அது அதிக நேரம் தங்கி அதிகமாக உடலில் சேரும். லாக்டுலோஸ் பாகு, மேக்ரோகோல் பொடி போன்றவை இந்தச் சிக்கல் இல்லாதவை. நீரிழிவு உள்ளவரும், குடிக்கும் நீருக்கு அளவு வைத்திருப்பவரும் எது பொருந்தும் என்று மருந்தாளரிடம் கேட்டு வாங்கட்டும்.

மெக்னீசியம் ஏறினால் முதலில் குமட்டல், முகம் சூடாகிச் சிவப்பது, தூக்கக் கலக்கம். பிறகு தசை துவளும், ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் இறங்கும், இன்னும் ஏறினால் மூச்சு தளரும். ‘மெக்னீசியம் நல்ல தூக்கம் தருகிறது’ என்று வயதான சிறுநீரக நோயாளி சொன்னால் எனக்குக் கவலை வருகிறது. அந்தத் தூக்கம் ரத்தத்தில் ஏறிய மெக்னீசியத்தின் கலக்கமாகவும் இருக்கலாம். மேலும், முதியவர்களின் இரவுக் கால்பிடிப்புக்கு மெக்னீசியம் சொல்லும்படியான பலன் தருவதில்லை என்பதே இதுவரையிலான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களின் முடிவு. அந்த அம்மாவிடம் கேட்டேன். பிடிப்பு நின்றுவிட்டதா? “இல்லை, ஆனால் இது எடுக்காவிட்டால் இன்னும் மோசமாகுமோ என்று பயம்” என்றார்.

மெக்னீசியம் தேவைப்படும் சிறுநீரக நோயாளிகளும் இருக்கிறார்கள். ஒமெப்ரசோல் வகை வயிற்று மாத்திரையை நெடுநாள் எடுப்பவர்களுக்கு அது குறையலாம். அளந்து பார்த்து, மருத்துவர் எழுதி, மீண்டும் அளப்பதாக இருந்தால் சரி.

மூலிகைகள்: மூன்று வெவ்வேறு ஆபத்துகள்

மூலிகையே ஆகாது என்று ஒரேயடியாகச் சொன்னால் வீட்டில் பெரியவர்கள் நம்மிடம் எதையும் சொல்வதை நிறுத்திவிடுவார்கள். மருந்தாளராக என் அனுபவம் அது. ஆகவே பிரித்துச் சொல்கிறேன்.

முதலாவது, செடியே பொட்டாசியத்தைச் சுமந்து வருவது. அந்த அம்மாவின் சூரணத்தில் மூக்கிரட்டையும் வாழைத்தண்டும் முதன்மைச் சரக்குகள். மூக்கிரட்டையில் பொட்டாசியம் உப்பு மிகுதியாக இருப்பது பழைய நூல்களிலேயே பதிவான செய்தி. நீர் பிரியவும் கல் கரையவும் அதைக் கொடுப்பார்கள். சிறுநீரகம் நன்றாக இருந்து கல் மட்டும் உள்ளவரின் நிலை வேறு, வடிகட்டும் எண் 27 உள்ளவரின் நிலை வேறு. ‘சிறுநீரகத்துக்கு நல்லது’ என்ற ஒரே சொல் இருவரையும் ஒன்றாக்கிவிடுகிறது. நீர் பெருக்கும் மருந்து எதுவும் தளர்ந்த சிறுநீரகத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதில்லை. அதிமதுரம் இதற்கு நேர்மாறானது. நெடுநாள் எடுத்தால் பொட்டாசியத்தைக் குறைத்து, நீரைத் தேக்கி, ரத்தக்கொதிப்பை ஏற்றும். பொட்டாசியம் அதிகம் என்பதற்காக அதிமதுரம் குடிப்பது வழியல்ல.

இரண்டாவது, செடியின் நஞ்சு. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் எடை குறைக்கும் சீன மூலிகை மாத்திரை எடுத்த நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் சுருங்கியது. ஒரு மூலிகைக்குப் பதிலாக, ஒத்த பெயருடைய அரிஸ்டோலோகியா இனச் செடி கலந்துவிட்டது. அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைத் தழும்பாக்கியது. சில ஆண்டுகளுக்குப் பின் அவர்களில் பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. சிங்கப்பூரில் இந்த அமிலம் உள்ள பொருள்களை விற்கத் தடை உண்டு. இது சீன மருந்துக்கடையோடு முடிந்துவிடும் செய்தி என்று நம்மவர்கள் நினைக்கக் கூடாது. ஆடுதீண்டாப்பாளையும், பெருமருந்து என்று அழைக்கப்படும் ஈசுரமூலியும் அதே அரிஸ்டோலோகியா இனம்தான். தோல் நோய்க்கும் விஷக்கடிக்கும் ஊரில் கொடுப்பவை. பயணப்பையில் வரும் கசாயப் பொடியில் இந்தப் பெயர்களைப் பார்த்தால், அளவு குறைவு என்று சமாதானம் சொல்லிக்கொள்ள இடமில்லை. அதைக் குடிக்கவே கூடாது. இந்தப் பாதிப்பு வலியில்லாமல், மாதக்கணக்கில் வருவது. கிரியேட்டினின் ஏறும்போதுதான் தெரியும். நிறுத்தினாலும் போன திறன் திரும்புவதில்லை.

தமரத்தம்பழத்தையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். இங்கே ஸ்டார்ஃபுரூட் என்று வெட்டி வைத்தும் சாறு பிழிந்தும் விற்கிறார்கள். சிறுநீரகம் தளர்ந்தவரின் உடலில் அதிலுள்ள நரம்பு நஞ்சு தேங்கி, விடாத விக்கல், குழப்பம், வலிப்பு வரை போகும். உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. ஒரு பழம்கூட வேண்டாம். சாப்பிட்ட பின் நிற்காத விக்கல் வந்தால் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

மூன்றாவது, உறையில் எழுதாதது. மூட்டுவலிக் கேப்ஸ்யூலை அம்மாவிடம் விசாரித்தேன். இரண்டே நாளில் வலி பறந்துவிட்டதாம். உறையில் பத்துச் செடிகளின் பெயர், தயாரிப்பாளரின் முகவரி இல்லை. செடி இவ்வளவு விரைவாக, இவ்வளவு முழுமையாக வேலை செய்தால் சந்தேகப்படுங்கள். இத்தகைய பொருள்களில் டைக்லோஃபெனாக் போன்ற வலிநிவாரணிகளையும் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகளையும் சுகாதார அறிவியல் ஆணையம் மீண்டும் மீண்டும் கண்டுபிடித்து எச்சரிக்கிறது. அந்த வகை வலிநிவாரணி சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும், பொட்டாசியத்தையும் தேக்கும். லோசார்ட்டனோடு சேர்ந்தால் இரட்டை அடி. அந்தக் கேப்ஸ்யூலில் அது இருந்ததா என்று நான் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் முகம் உப்பியிருந்தது, சர்க்கரை ஏறியிருந்தது, இரண்டும் ஸ்டீராய்டின் அடையாளங்கள். அதனால் அவரை ‘இன்றே நிறுத்துங்கள்’ என்று அனுப்பாமல், அன்றே மருத்துவரிடம் அனுப்பினேன். பல வாரம் எடுத்த ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் உடல் சரிந்துவிடும்.

சித்த மருந்துகளில் பற்பம், செந்தூரம் என்று வருபவற்றில் ரசம், லிங்கம், தாளகம், கருவங்கம் ஆகிய பெயர்களைத் தேடுங்கள். முறையே பாதரசம், பாதரசக் கூட்டு, ஆர்செனிக் கூட்டு, ஈயம். முறைப்படிச் சுத்தி செய்தது என்ற உறுதியை ரத்தத்தில் ஏறும் உலோகம் மதிப்பதில்லை. சிறுநீர் நுரைத்து, கால் வீங்கினால் பாதரசப் பாதிப்பும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் களைய வேண்டியிருக்கிறது. தேக்கா கடையில் வெளிப்படையாக விற்கிறார்களே, அரசாங்கம் சோதித்திருக்காதா என்று கேட்பார்கள். சத்து மாத்திரைகளும், சீனப் பதிவு மருந்துகள் நீங்கலான பாரம்பரிய மருந்துகளும் இங்கே விற்பனைக்கு முன் ஒவ்வொன்றாக அனுமதி பெறத் தேவையில்லை. நச்சு உலோகங்களுக்கு வரம்பு உண்டு, தடைப்பட்டியல் உண்டு, விற்பவரே பொறுப்பு. தவறு கண்டால் ஆணையம் திரும்பப் பெற வைக்கும். ஆனால் யாரும் முன்கூட்டியே ஒவ்வொரு புட்டியையும் திறந்து பார்ப்பதில்லை. இணையத்தில் வாங்கியதும் பயணப்பையில் வந்ததும் அந்தக் கண்காணிப்புக்கும் வெளியே.

பையைத் திரும்பக் கட்டுவது

மேசையில் இப்போது மூன்று குவியல்கள் இருக்கும். மருத்துவர் எழுதியவை ஒரு பக்கம். அவற்றில் சுண்ணாம்புச்சத்து மாத்திரை, வைட்டமின் டி, இரும்பு, ஃபோலிக் அமிலம் போன்றவை இருந்தால் அவை சத்து மாத்திரை போலத் தெரிந்தாலும் சிறுநீரக நோய்க்கான சிகிச்சையே, தொடருங்கள். பொட்டாசியமோ மெக்னீசியமோ உள்ளவை, மருத்துவர் எழுதாதவை, இன்னொரு பக்கம். இவற்றை அடுத்த மருத்துவச் சந்திப்பு வரை ஒதுக்குங்கள். உள்ளே என்ன என்று தெரியாதவை மூன்றாவது பக்கம். உறையைப் படமெடுத்துக்கொண்டு, எத்தனை நாளாக எடுத்தீர்கள் என்பதையும் குறித்து, மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ காட்டுங்கள். குப்பையில் போட்டுவிட்டு வந்தால் நாங்கள் கண்டுபிடிக்க வழியில்லை.

மருத்துவரிடம் கேட்க வேண்டியது: பொட்டாசியத்தை எப்போது மறுபடி பார்க்க வேண்டும், மெக்னீசியத்தையும் சேர்த்துப் பார்க்க முடியுமா, வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்து எதுவும் குடிக்க முடியாத நாளில் எந்த மாத்திரைகளை நிறுத்திவைக்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் கேட்க நேரம் இருக்காது.

பின்னால் புதிதாக ஏதேனும் எடுக்க மருத்துவர் சம்மதித்தால், ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் தொடங்கி, ஓரிரு வாரத்தில் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டைச் சேர்த்துத் தொடங்கினால் எது ஏற்றியது என்று தெரியாது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. இரண்டு சிகிச்சைகளுக்கு இடையிலான நாள்களில் பொட்டாசியம் தேங்குவதால், எதையும் தங்கள் மையத்தின் தாதியிடமும் உணவியல் நிபுணரிடமும் கேட்டே எடுக்க வேண்டும்.

அந்த அம்மா வீட்டில் பழைய உப்புக்குத் திரும்பி, அதையும் பாதியாகக் குறைத்து, புளியும் மிளகும் எலுமிச்சையும் கூட்டிச் சமைக்கிறார்கள். இளநீர், சூரணம், மெக்னீசியம், வெள்ளை மருந்து நான்கும் போயின. கேப்ஸ்யூலை மருத்துவர் படிப்படியாக நிறுத்த வைத்து, முழங்காலுக்குப் பாராசிட்டமாலும் இயன்முறைச் சிகிச்சையும் ஏற்பாடு செய்தார். மூன்று வாரம் கழித்து எடுத்த பரிசோதனையில் பொட்டாசியம் 4.9. கால் பிடிப்பு இன்னும் வாரத்தில் இரண்டு இரவு வருகிறது. படுக்கும் முன் மகள் கெண்டைக்காலை நீட்டிப் பிடித்துவிடுகிறார்.